ஆன்மிக யூடியூப் சேனலில் நன்கொடை லிங்க், ஸ்பான்சர், விளம்பரம் எல்லாம் வைத்தால் பக்தியை விற்கிறோம் என்று பேச மாட்டார்களா? எப்படி வைப்பது?

பணம் கேட்பதால் மட்டும் அந்தப் பேச்சு வருவதில்லை. பணமும் பிரார்த்தனையும் ஒரே இடத்தில் நிற்கும்போதுதான் வருகிறது. 40 நிமிட நேரலை ஒன்றை எடுத்துக்கொள்வோம்: முதல் 30 நிமிடம் சொற்பொழிவு, கடைசி 10 நிமிடம் கூட்டுப் பிரார்த்தனை.

இதில் அதிகம் சறுக்குவது, பார்ப்பவர்கள் நேரலையிலேயே பணம் போட்டுச் செய்தி அனுப்பும் சூப்பர் சாட்டில்தான். பணம் போட்டவரின் பெயரை வாசித்து "உங்கள் குடும்பத்துக்காக வேண்டிக்கொள்கிறோம்" என்றால், போட முடியாதவருக்கு வேண்டுதல் இல்லை என்றாகிவிடுகிறது. பெரிய தொகை வண்ணப் பட்டையாக மேலேயே நிற்பதால் யார் எவ்வளவு என்ற போட்டியும் தெரியும். இதில் யூடியூப் 30 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது என்பது வேறு. பிரார்த்தனை உள்ள நேரலையில் சூப்பர் சாட்டை அணைத்துவிடுங்கள். வேண்டுதல்களைத் தனிப் படிவத்தில் வாங்குங்கள். அதிலும், அதை அனுப்பியதும் வரும் நன்றிப் பக்கத்திலும் நன்கொடை லிங்க் இருக்கவே கூடாது.

லிங்க் டிஸ்கிரிப்ஷனின் கடைசியில் இருக்கட்டும். வாசகம் இப்படி: "கேமரா, எடிட்டிங் செலவுக்கு உதவ விரும்புவோர் இங்கே அனுப்பலாம். அனுப்பாதவர்களுக்கும் எல்லா வீடியோவும் இலவசம்தான்." 'கொடுத்தால் பன்மடங்காகத் திரும்பும்' என்ற வரி வந்த இடத்திலேயே வியாபாரம் தொடங்கிவிடுகிறது. பணம் தனிநபர் கணக்குக்குப் போகிறதா, அமைப்பின் கணக்குக்கா என்பதையும் எழுதுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு, செலவு, மீதியை கம்யூனிட்டி பதிவில் போட்டால் சந்தேகக் கேள்விகளுக்குப் பதிலாக அதையே காட்டலாம்.

விளம்பரத்தில் சிக்கல் வேறு. 8 நிமிடமும் அதற்கு மேலும் ஓடும் வீடியோவில் நடுவிலும் விளம்பரம் வரலாம். தானியங்கிக்கு விட்டால், கண்மூடி அமர்ந்திருப்பவரின் காதில் திடீரென்று கடன் விளம்பரம் கத்தும். நேரலை முடிந்ததும் பதிவின் மானிடைசேஷன் பக்கத்தில் தானியங்கி இடங்களை எடுத்துவிட்டு, கடைசி 10 நிமிடத்தை வெறுமையாக விடுங்கள். ஆட்சென்ஸின் தடுப்புப் பட்டியலில் ஜோதிடம், திடீர் பணக்காரர் திட்டம், டேட்டிங் வகைகளையும் அடைத்துவிடுங்கள். சில தப்பி வரத்தான் செய்யும். மானிடைசேஷனையே அணைத்துவிட்டாலும் விளம்பரம் முழுதாக நிற்காது. 2020 நவம்பரிலிருந்து விளம்பர வருமானத்தைப் பகிரும் பார்ட்னர் திட்டத்தில் இல்லாத சேனல்களிலும் யூடியூப் விளம்பரம் காட்டுகிறது. ஆகவே "எங்கள் சேனலில் விளம்பரமே இல்லை" என்று வாக்குக் கொடுக்காதீர்கள்.

ஸ்பான்சர் இருந்தால், பணம் பெற்ற விளம்பரம் என்ற பெட்டியை அப்லோடில் டிக் செய்யுங்கள். வீடியோ தொடங்கும்போது அறிவிப்பு தானாக வரும். சொற்பொழிவு தொடங்கும் முன்பே, பேச்சாளர் அல்லாத ஒருவர், வேறு பின்னணியில் ஸ்பான்சர் செய்தியைச் சொல்லி முடிக்கட்டும். பேச்சாளரே சொன்னால், கேட்பவர் அதை உபதேசத்தின் பகுதியாக எடுத்துக்கொள்வார். பூஜைப் பொருள், பரிகாரம், நோய் தீர்க்கும் பொருள் ஆகியவற்றை விற்பவர்கள் எவ்வளவு தந்தாலும் ஸ்பான்சராக ஏற்காதீர்கள். அங்கே பெட்டியை டிக் செய்தும் பயனில்லை, விற்பது நம்பிக்கையைத்தான்.