ஒரு கேள்விக்கு நாலு பதில் வந்தால் பொய்யா?

"மகன் கல்லூரி இரண்டாமாண்டு. கல்லூரி சேப்பாக்கம் பக்கம், வீடு மடிப்பாக்கம். ராத்திரி ஒன்பதரைக்கு வந்தவனிடம் 'ஏன்டா லேட்டு?' என்றுதான் கேட்டேன். 'லேப் முடிய லேட்டாயிடுச்சும்மா, ரயில்ல வேற கூட்டம், திருமயிலையில ஒரு பெரியவர் மயங்கி விழுந்துட்டார், பச்சைச் சட்டை, கையில தூக்குவாளி, தண்ணி குடுத்து உக்கார வெச்சோம், போன்ல மூணு பர்சென்ட்தான் சார்ஜ், அதான் கூப்பிடல, வேணும்னா பிரவீன்கிட்ட கேளு' என்று மூச்சுவிடாமல் சொன்னான். இப்படி நீட்டினால் பொய் என்கிறார்களே, நிஜமா? அவன் அப்பா ரொம்பக் கண்டிப்பு. சொந்தக்காரர் ஒருவர், வீட்டுக்கே மெஷின் கொண்டுவந்து பொய்யைக் கண்டுபிடிக்கும் ஏஜென்சி இருக்கிறது, 18,000 ரூபாய் என்கிறார். போகலாமா?"

ஏஜென்சிக்குப் போகாதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன், ஆனால் அந்தப் பணத்தை மட்டும் இன்றைக்கு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

நீளத்தை வைத்துப் பொய் என்று முடிவுகட்ட முடியாது. எதை நீட்டினான், எதை ஒரே வரியில் தாண்டினான் என்று பார்க்க வேண்டும். நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. அவன் நாலுக்குப் பதில் சொல்லியிருக்கிறான்: ஏன் லேட், ஏன் போன் பண்ணவில்லை, என்னை ஏன் திட்டக்கூடாது, யார் சாட்சி. கேட்காத மூன்று கேள்விகளும் அவன் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தவை. வேளச்சேரியில் ரயிலைவிட்டு இறங்கி வீடு வரும் வழியெல்லாம் அம்மா என்ன கேட்பாள், அப்பா என்ன கேட்பார் என்று ஒத்திகை பார்த்திருப்பான். கதவைத் திறந்ததும் ஒத்திகை மொத்தமும் கொட்டிவிட்டது.

பொய் சொல்கிறவருக்குத் தன் நெஞ்சு அடித்துக்கொள்வது நன்றாகத் தெரிகிறது. அது எதிரில் இருப்பவருக்கும் தெரிகிறது என்று நினைத்துக்கொள்கிறார். கிலோவிச், சாவிட்ஸ்கி, மெட்வெக் என்ற மூன்று உளவியலாளர்கள் 1998-இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பொய் சொன்னவர்கள், தன்னை இத்தனை பேர் கண்டுபிடித்திருப்பார்கள் என்று போட்ட கணக்கு, நிஜமாகக் கண்டுபிடித்தவர்களைவிட அதிகமாக இருந்தது. நீங்கள் இன்னும் சந்தேகமே படவில்லை, அவனுக்கோ நீங்கள் ஏற்கனவே சந்தேகப்பட்டுவிட்டதாகத் தோன்றுகிறது. வராத சந்தேகத்துக்குத்தான் அத்தனை விளக்கமும்.

பச்சைச் சட்டையும் தூக்குவாளியும் வேறு ரகம். அவை நம்ப வைக்க வருபவை, அது பலிக்கவும் செய்கிறது. பெல், லாஃப்டஸ் இருவரும் 1989-இல் வெளியிட்ட ஆய்வில், வழக்குக்குச் சம்பந்தமே இல்லாத சின்னச் சின்ன விவரங்களைச் சேர்த்தபோது சாட்சியின் பேச்சுக்கு எடை கூடியது. இத்தனை நுணுக்கமாகச் சொல்கிறாரே, கண்ணால் பார்த்திருப்பார் என்று கேட்பவர் எடுத்துக்கொள்கிறார். இதைப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், அனுபவத்திலேயே பிடித்துக்கொள்கிறார்கள்.

இதில் நம் பள்ளி, கல்லூரிகளின் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. ஒரு நாள் லீவுக்கு லெட்டர், லெட்டரில் காரணம், காரணத்துக்கு அப்பா கையெழுத்து, அது போதாதென்று டாக்டர் சர்ட்டிஃபிகேட். 'வரமுடியவில்லை' என்ற ஒரு வரி உண்மைக்கு அங்கே மரியாதை இல்லை, ஜோடித்த ஒரு பக்கத்துக்கு உண்டு. பன்னிரண்டு வருஷம் இதில் பழகிய பிள்ளை வீட்டிலும் லீவ் லெட்டர் மாதிரிதான் பேசுவான்.

சரி, உங்கள் மகன் சொன்னதுக்கு வருவோம். 'விவரம் அதிகம் என்றால் பொய்' என்பது பாதிதான் சரி. 2003-இல் டிபாலோ என்ற உளவியலாளரும் அவருடன் இருந்தவர்களும் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, பொய் சொல்பவர்கள் சராசரியாகக் குறைவான விவரமே தந்தார்கள். பொய்யில் நீள்வது நடந்த சம்பவமாக இல்லாமல், 'அதனாலதான்', 'அதான்' என்று ஒட்டிக்கொண்டு வரும் காரணங்களாக இருக்கலாம். அதோடு, நஹாரி, வ்ரிய் போன்ற ஆய்வாளர்கள் காட்டியபடி, பொய்யில் வரும் விவரங்களில் சரிபார்க்க முடிந்தவை குறைவு. பச்சைச் சட்டைப் பெரியவரை எங்கே போய்த் தேடுவீர்கள்? போன் சார்ஜ் இப்போது ஏறியிருக்கும். ஆனால் லேப் எத்தனை மணிக்கு முடிந்தது? அதற்கு நேரமே சொல்லவில்லை. சேப்பாக்கத்தில் ஏறினால் பறக்கும் ரயிலில் வேளச்சேரி வர முக்கால் மணி நேரம்கூட ஆகாது. ஆக முழு தாமதத்தையும் தூக்கிக்கொண்டு நிற்பது 'லேப் லேட்' என்ற ஒரு வரி, அதுதான் எல்லாவற்றிலும் சின்ன வரி. எனக்கு உறுத்துவது அந்த இடம். பிரவீன் பெயரைச் சொன்னது கொஞ்சம் அவனுக்குச் சாதகம், விசாரித்துப் பார்க்கலாம் அல்லவா. முன்கூட்டியே பேசி வைத்திருக்கவும் கூடும்.

இங்கே ஒரு விஷயத்தை நிதானமாகப் படியுங்கள், நீங்கள் எழுதிய 'கண்டிப்பு' என்ற சொல்லுக்காகச் சொல்கிறேன். அடிக்கடி சந்தேகப்பட்டு, குறுக்கு விசாரணை செய்து வளர்த்த பிள்ளை உண்மையையும் இப்படித்தான் சொல்வான். என்னிடம் வந்த ஒரு பெண், ஐந்து நிமிடம் தாமதமாக வந்ததற்குப் பத்து நிமிடம் காரணம் சொன்னார், ஆட்டோ நம்பர் வரைக்கும். அத்தனையும் உண்மை. சின்ன வயதில் எதைச் சொன்னாலும் 'நிஜமா?' என்று திருப்பிக் கேட்கும் வீடு அவருடையது. அவருக்கும் உள்ளே ஓடுவது அதே பயம்தான், தன்னை நம்பமாட்டார்கள் என்ற பயம். வெளியே வரும் பேச்சும் அதே மாதிரிதான் இருக்கும், கேட்கும் காதுக்கு வித்தியாசம் தெரியாது. அதனால் பயப்பட ஒன்றுமே இல்லாத விஷயத்தில் அவன் எப்படிப் பேசுகிறான் என்று ஒரு வாரம் கவனியுங்கள். கடைக்கு அனுப்பிய தயிர் பாக்கெட்டில் வேறு பிராண்ட் வாங்கி வந்தால் 'அது இல்லம்மா' என்று நிறுத்துகிறானா, அதற்கும் ஐந்து வரி சொல்கிறானா? அதற்கும் ஐந்து வரி என்றால் அன்றைய நீளத்துக்கு அர்த்தமே இல்லை. அப்போது பேசவேண்டியது அப்பாவிடம்.

மெஷின் விஷயம். பாலிகிராஃப் பொய்யை அளப்பதில்லை. மூச்சு, வியர்வை, ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, இவ்வளவுதான் அளக்கும். பயந்த நிரபராதிக்கும் இவையெல்லாம் ஏறும், கண்டிப்பான அப்பா பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்தால் சொல்லவே வேண்டாம். 2010-இல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம், சம்மதம் இல்லாமல் யாரையும் இந்தச் சோதனைக்கு உட்படுத்தக்கூடாது என்றது, சம்மதித்துச் செய்தாலும் அதன் முடிவை மட்டும் சாட்சியமாக ஏற்க முடியாது என்றும் சொன்னது. கொலை வழக்கிலேயே அதன் நிலை இது. பத்தொன்பது வயதுப் பையனை ஹாலில் உட்காரவைத்து ஒயர் மாட்ட ஒருவர் 18,000 கேட்கிறார், கேட்க ஆள் இல்லாததால்தான் இவர்கள் பிழைக்கிறார்கள். கண் அசைவை வைத்தே பொய் பிடிக்கலாம் என்று வாரக்கடைசி வகுப்பு நடத்துகிறவர்களும் இதே ரகம். மனிதர்கள் பேச்சைக் கேட்டுப் பொய்யையும் உண்மையையும் பிரிப்பது சராசரியாக நூற்றுக்கு 54 தடவை, காசு சுண்டுவதைவிடக் கொஞ்சம் மேல். பாண்டும் டிபாலோவும் 2006-இல் தொகுத்த கணக்கு இது.

நீங்கள் செய்யக்கூடியது இதுதான். அன்றைக்கே பாயவேண்டாம். இரண்டு நாள் கழித்து, சாப்பிடும்போது, அவன் ஒத்திகை பார்க்காத பக்கத்திலிருந்து கேளுங்கள். 'அந்தப் பெரியவர் அப்புறம் எந்த ஸ்டேஷன்ல இறங்கினார்? நீ உக்காந்துட்டு வந்தியா, நின்னுட்டா?' நடந்ததைச் சொல்பவன் கொஞ்சம் யோசிப்பான், 'ஞாபகம் இல்லம்மா' என்பான், 'இல்ல இல்ல, மந்தைவெளி' என்று தானே திருத்திக்கொள்வான். தயாரித்த கதையில் அந்தத் திருத்தம் குறைவாகத்தான் வரும், அன்று சொன்ன சொல்லே அதே வரிசையில் திரும்பும். அப்புறம் 'வீட்டுக்குள்ள வந்ததுலேர்ந்து பின்னாடி பின்னாடி சொல்லு' என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டுப் பாருங்கள், லேப் வரைக்கும் போகிறானா என்று தெரியும். போன் சார்ஜைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். அங்கே அவனிடம் பதில் தயாராக இருக்கிறது.