அப்டேட்டுக்கு வருஷம் ஐந்நூறு ரூபாயா?

கேள்வி: ஏற்காட்டில் சின்னதாக ஹோம்ஸ்டே நடத்துகிறோம். சேலத்தில் ஒரு கடையில் லினக்ஸ் மின்ட் 22 போட்ட பழைய லேப்டாப் வாங்கினேன். போட்டோ திருத்த கிம்ப்பை AppImage என்று ஒரு ஃபைலாக டெஸ்க்டாப்பில் வைத்துக் கொடுத்தார்கள். அப்டேட் பண்ண வருஷத்துக்கு 500 ரூபாய் கேட்கிறார்கள். இங்கே மொபைல் ஹாட்ஸ்பாட்தான் நெட். கட்டலாமா?

பதில்: கட்டாதீங்க. மின்ட்டில் அப்டேட் இலவசம், நீங்களே இரண்டு கிளிக்கில் செய்துகொள்ளலாம். ஆனால் அவர்கள் வைத்துக் கொடுத்த அந்த ஒரு ஃபைல் மட்டும் மின்ட்டின் அப்டேட் மேனேஜர் கண்ணில் படவே படாது, சிக்கல் அங்கேதான்.

2023 செப்டம்பரில் நடந்ததைச் சொன்னால் புரியும். WebP படங்களைத் திறந்து காட்டும் libwebp என்ற லைப்ரரியில், அதாவது பல புரோகிராம்கள் எடுத்துப் பயன்படுத்தும் பொதுவான நிரல்துண்டில், பெரிய பாதுகாப்பு ஓட்டை ஒன்று வெளியே வந்தது, வேண்டுமென்றே கெடுத்து வைத்த ஒரு படத்தைத் திறந்தாலே ஆபத்து என்கிற வகை. மின்ட்டின் சொந்தப் பேக்கேஜாகப் போட்ட கிம்ப் இந்த லைப்ரரியைத் தனக்குள் வைத்திருக்காது, சிஸ்டத்தில் பொதுவாக இருக்கும் ஒரே பிரதியைத்தான் மற்ற புரோகிராம்களோடு சேர்ந்து பயன்படுத்தும். அதனால் அந்த ஒரு குட்டிப் பேக்கேஜ் அப்டேட் ஆனதும், அதை நம்பியிருந்த எல்லாப் புரோகிராமும் ஒரே அடியில் சரியாகிவிட்டன. திறந்து கிடக்கும் புரோகிராமை மட்டும் மூடித் திறக்க வேண்டும், அதுவரை மெமரியில் பழைய பிரதிதான் ஓடும். இன்னொன்று, வெர்ஷன் நம்பரைப் பார்த்துப் பயப்படாதீங்க. மின்ட்டுக்கு அடித்தளமாக இருக்கும் உபுண்டுவின் 22.04 பதிப்பில் libwebp அன்றும் 1.2.2 என்றேதான் இருந்தது, திருத்தத்தை மட்டும் அதற்குள் ஒட்டிக் கொடுத்தார்கள். நம்பர் பழசு என்பதால் ஓட்டையும் அப்படியே இருக்கிறது என்று அர்த்தமில்லை.

AppImage கதை வேறு. அது தேவையான லைப்ரரிகளில் பெரும்பாலானவற்றைத் தன்னோடு கட்டிக்கொண்டு வரும் கட்டுச்சோறு. கட்டியவர் புதிதாகக் கட்டி, நீங்கள் அதை இறக்கிப் பழையதை அழிக்கும் வரை உள்ளே இருப்பது அன்றைக்குக் கட்டியதுதான். சில AppImage-களில் தானாகப் புதுப்பிக்க வழி வைத்திருப்பார்கள், எல்லாவற்றிலும் இருக்காது. கடைக்காரர் 500 ரூபாய்க்குச் செய்யப் போவதும் இந்த ஃபைலை மாற்றுவதாகத்தான் இருக்கும், அதையும் வருஷத்துக்கு ஒரு தடவை!

இந்த இரண்டுக்கும் நடுவில், புரோகிராம் போட ஃபிளாட்பேக் என்று ஒரு வழி இருக்கிறது. அதில் புரோகிராம் தனி, அதற்கு அடியில் பல புரோகிராம்கள் பகிர்ந்துகொள்ளும் ரன்டைம் தனி. libwebp போன்ற பொது லைப்ரரிகள் ரன்டைமில் இருப்பதால், கிம்ப்பைத் தொடாமலேயே திருத்தம் வந்துவிடும். ஆனால் புரோகிராம் செய்தவர் தனியாக உள்ளே சேர்த்த லைப்ரரிக்கு அவர்தான் பொறுப்பு. ரன்டைமுக்கும் ஆயுள் உண்டு, க்னோம் ரன்டைம் என்றால் சுமார் ஒரு வருஷம். புரோகிராம் செய்தவர் புதுசுக்கு மாறாமல் விட்டால், அப்டேட் செய்யும்போது டெர்மினலில் end-of-life என்று எச்சரிக்கை வரும். வந்தும் பல மாதமாக மாறவில்லை என்றால் அந்தப் புரோகிராமைக் கவனிக்க ஆளில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, உங்களுக்கு எது? மின்ட் 22-இன் சொந்தப் பேக்கேஜில் வருவது கிம்ப் 2.10. அறைப் படத்தை வெட்டி, வெளிச்சம் கூட்ட அது தாராளம், நெட்டும் குறைவாகச் செலவாகும். கிம்ப் 3-தான் வேண்டும் என்றால் ஃபிளாட்பேக் எடுங்கள், ஆனால் முதல் தடவை ரன்டைமோடு சேர்த்துச் சில நூறு எம்பி இழுக்கும், அதை ஹாட்ஸ்பாட்டில் செய்யாதீங்க. அடுத்து சரக்கு வாங்க சேலம் இறங்கும்போது லேப்டாப்பை எடுத்துப்போய், சொந்தக்காரர் வீட்டு பிராட்பேண்டில் போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் வரும் அப்டேட்டுகளில் மாறிய பகுதி மட்டும்தான் இறங்கும். சாஃப்ட்வேர் மேனேஜரில் கிம்ப்பைத் தேடினால் System Package, Flatpak என்று இரண்டும் காட்டும், பார்த்துத் தேர்ந்தெடுங்கள். இரண்டுக்குமே அப்டேட் மேனேஜரில்தான் தகவல் வரும். அதன் Preferences-க்குள் Automation பகுதியில் தானியங்கி அப்டேட் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் விருந்தாளி வீடியோ கால் பேசும் நேரத்தில் டேட்டா காலியாகும்.

ஃபிளாட்பேக்கில் என்னென்ன இருக்கிறது, எந்த ரன்டைமில் நிற்கிறது என்று பார்க்கவும், பயன்படாத பழைய ரன்டைம்களை நீக்கி இடம் மிச்சப்படுத்தவும் டெர்மினலில் இவை போதும்:

```
flatpak list --app --columns=application,version,runtime
flatpak uninstall --unused
```

புதுசு போட்டு, உங்கள் படங்கள் அதில் ஒழுங்காகத் திறக்கின்றனவா என்று பார்த்தபின் டெஸ்க்டாப்பில் இருக்கும் அந்த AppImage ஃபைலை அழித்துவிடுங்கள். அன்-இன்ஸ்டால் எதுவும் தேவையில்லை, குப்பைத் தொட்டியில் போட்டாலே போதும். கடையில் திரும்பக் கேட்டால், ஹார்ட்வேர் வாரண்டி எத்தனை மாதம் என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். பழைய லேப்டாப்புக்கு அவர்களிடம் கேட்டு வாங்க வேண்டியது அதுதான்.