முடியோரப் பரு மட்டும் ஏன் கறையாகிறது?

கேள்வி: அக்காவின் நிச்சயதார்த்தப் படத்தை போட்டோஷாப்பில் சரிசெய்கிறேன். கன்னத்துப் பரு ஹீலிங் பிரஷ்ஷில் அழகாக மறைந்துவிட்டது. நெற்றியில் முடியோரம் உள்ள பருவைத் தொட்டால் மட்டும் கருப்பாகக் கறை படிகிறது. பேட்ச் டூல், குளோன் ஸ்டாம்ப் இரண்டில் எதை எடுப்பது?

பதில்: அந்த இடத்துக்கு குளோன் ஸ்டாம்ப்தான்.

ஹீலிங் பிரஷ், நீங்கள் Alt அழுத்திக் கிளிக் செய்த இடத்திலிருந்து தோலின் நுணுக்கத்தை மட்டுமே எடுக்கிறது. நிறத்தையும் வெளிச்சத்தையும் நீங்கள் பூசிய இடத்தின் விளிம்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது. கன்னத்தில் சுற்றிலும் தோல் என்பதால் சிக்கல் இல்லை. முடியோரத்தில் பிரஷ்ஷின் விளிம்பு முடியைத் தொட்டதும், அந்தக் கருப்பும் உள்ளே கசிகிறது. உதட்டோரம், புருவம், பொட்டின் ஓரம் எல்லாம் இதே கதைதான். பேட்ச் டூலும் இதே கணக்கைத்தான் போடுகிறது, அதனால் அங்கே அதுவும் உதவாது.

குளோன் ஸ்டாம்ப் கணக்கே போடாது. எடுத்ததை அப்படியே ஒட்டும். கறை வராது, ஆனால் நிறம் சற்று மாறினாலும் ஒட்டுப்போட்டது தெரியும். ஆகவே அதே முடியோரத்தில், அதே வெளிச்சம் விழும் பக்கத்து இடத்திலிருந்து எடுங்கள்.

புதிய வெற்று லேயரில், Sample என்பதை Current & Below ஆக வையுங்கள். சிறிய பிரஷ், Hardness 50% அளவில் போதும். மிக மென்மையாக இருந்தால் முடியின் விளிம்பு மங்கிவிடும். முடியைத் தொடும் பகுதியை மட்டும் குளோன் செய்யுங்கள். இப்போது மிச்சப் பருவைச் சுற்றித் தோல்தான் இருக்கிறது. அப்புறம் ஹீலிங் பிரஷ்ஷை எடுத்து, அதிலும் Sample என்பதை அதேபோல் வைத்து, பருவைவிடச் சற்றே பெரிய அளவில் ஒரே ஒரு புள்ளி வையுங்கள். இழுத்துத் தேய்க்க வேண்டாம்.

குளோன் கைவராவிட்டால் இன்னொரு வழி: பருவைச் சுற்றி, முடியின் எல்லையை ஒட்டியபடி லாஸோவால் ஒரு செலக்‌ஷன் போட்டுவிட்டு அதற்குள் ஹீலிங் பிரஷ் பூசுங்கள். வெளியே உள்ள கருப்பு உள்ளே வராது.

சரி, பேட்ச் டூல் எதற்கு? நெற்றி நடுவில் நாலைந்து அம்மைத் தழும்புகள் சேர்ந்திருந்தால், அல்லது நீளமான வடு என்றால், ஒவ்வொன்றாகப் புள்ளி வைப்பதைவிட ஒரு வட்டம் போட்டு நல்ல தோலுக்கு இழுப்பது சுலபம். Normal முறையில் அது வெற்று லேயரில் வேலை செய்யாது. படத்தின் லேயரை Ctrl+J கொடுத்து நகல் எடுத்து அதில் செய்யுங்கள். நெற்றித் தழும்புக்கு நெற்றித் தோலையே எடுங்கள். மூக்கருகே துளைகள் பெரிது. அங்கிருந்து இழுத்தால் நிறம் பொருந்தினாலும் 100% அளவில் பார்க்கையில் அந்த இடம் மட்டும் சொரசொரப்பாகத் தெரியும்.

மச்சம் இருந்தால் அக்காவிடம் கேட்காமல் கைவைக்காதீர்கள்.