மாலை 62 டிகிரி, காலையில் எத்தனை வாளி?

கேள்வி: மெக்கானிக்கல் இறுதியாண்டு படிக்கிறேன், ராணிப்பேட்டை பக்கம். பிராஜெக்டுக்காக 6,500 ரூபாயில் 50 லிட்டர் சோலார் வாட்டர் ஹீட்டர் செய்தோம். ஒரு சதுர மீட்டர் கலெக்டர், ஜி.ஐ. பைப், பழைய தகர டிரம், சுற்றிலும் தெர்மாகோல். காலையில் ஊற்றிய தண்ணீர் 28 டிகிரி. மாலை 4 மணிக்கு டிரம்மின் மேலே 62, அடியில் 38. மறுநாள் காலை 6 மணிக்குக் கலக்கிப் பார்த்தால் 43தான். வைவாவில் மூன்று நிமிடம் பேச வேண்டும், என்ன சொல்லலாம்? அம்மா வேறு, "இதையே மாடியில் மாட்டிவிடு, கடையில் எதுக்கு வாங்கணும்?" என்கிறார்.

பதில்: தம்பி, 62 என்று ஆரம்பிக்காதீர்கள். சூடான தண்ணீர் மேலே ஏறி நிற்கும், அடியில் இருப்பது அரைச் சூடுதான். வெளியிலிருந்து வரும் தேர்வாளர் முதலில் கேட்பதே "எந்த இடத்தில் அளந்தீர்கள்?" என்றுதான். மேலும் கீழும் சேர்த்துச் சராசரி 50 என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 லிட்டர் தண்ணீர் 22 டிகிரி ஏறியிருக்கிறது, அதாவது சுமார் 1.28 யூனிட் வெப்பம். நம் பக்கத்தில் மேகமில்லாத நாளில் ஒரு சதுர மீட்டரில் விழும் வெயில் சுமார் 5 யூனிட். அதில் கால் பங்கைப் பிடித்திருக்கிறீர்கள். கையால் செய்த கலெக்டருக்கு இது மோசமில்லை.

ஆனால் குளிப்பது காலையில். வாங்குகிறவர் கணக்கு வாளியில்தான். 40 டிகிரிக்கு விளாவினால், மாலையில் உங்கள் டிரம் சுமார் 92 லிட்டர் குளிக்கும் தண்ணீர் தரும், 15 லிட்டர் வாளியில் ஆறு. காலை 43 டிகிரியில் அதே டிரம் 62 லிட்டர்தான் தரும், நான்கு வாளி. இரவில் இரண்டு வாளி போய்விட்டது. உங்கள் பேச்சே அதைப் பற்றித்தான் இருக்க வேண்டும். இப்படிப் பேசலாம்:

"ஐயா, வணக்கம். எங்கள் ஹீட்டர் 6,500 ரூபாயில் செய்தது. ஒரு நாள் வெயிலில் 50 லிட்டர் தண்ணீரைச் சராசரியாக 28லிருந்து 50 டிகிரிக்குக் கொண்டுவருகிறது. விழும் வெயிலில் கால் பங்கு தண்ணீருக்கு வருகிறது. மறுநாள் காலை 6 மணிக்கு 43 டிகிரி இருக்கிறது, அது நான்கு வாளி வெந்நீருக்குப் போதும். இரவில் 7 டிகிரி இழக்கிறோம். அது தெர்மாகோல் வழியாகப் போகிறதா, தண்ணீர் திரும்பி ஓடுவதால் போகிறதா என்று பிரித்துப் பார்த்தோம். அதன் முடிவு இது."

கடைசி வரியைச் சொல்ல ஒரு சோதனை வேண்டும். செலவில்லை. டிரம்முக்கும் கலெக்டருக்கும் நடுவில் உள்ள வால்வை மாலை 5 மணிக்கு மூடிவிட்டு, காலையில் கலக்கி அளந்து பாருங்கள். 47, 48 என்று நின்றால் குற்றவாளி திரும்பி ஓடும் தண்ணீர். அதே 43தான் என்றால் தெர்மாகோல் போதவில்லை. வெயில் ஏறுவதற்குள் வால்வைத் திறந்துவிட மறக்காதீர்கள்.

எனக்குத் திரும்பி ஓடும் தண்ணீரின் மேல்தான் சந்தேகம். டிரம்மின் அடி, கலெக்டரின் மேல் விளிம்பைவிட ஓர் அடியாவது உயரத்தில் இருக்க வேண்டும். பார்க்க அடக்கமாக இருக்கட்டும் என்று இரண்டையும் ஒரே மட்டத்தில் வைத்துவிடுவார்கள். இரவில் கலெக்டரில் உள்ள தண்ணீர் குளிர்ந்து கனத்துக் கீழிறங்கும், அதன் இடத்துக்கு டிரம்மின் வெந்நீர் மேல் பைப் வழியே போய், கண்ணாடி வழியாக வானத்துக்குச் சூட்டைக் கொடுத்துவிட்டு வரும். ராத்திரி பத்து மணிக்கு மாடிக்குப் போய், மேல் பைப் கலெக்டரில் சேரும் இடத்தைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் அதுதான்.

அப்புறம், எங்காவது சாதா பி.வி.சி. பைப் போட்டிருந்தால் சி.பி.வி.சி.க்கு மாற்றுங்கள். ஏப்ரலில் ஊருக்குப் போய்விட்டால், தண்ணீர் எடுக்காத நாட்களில் சூடு ஏறி சாதா பைப் வளைந்துவிடும்.

அம்மாவுக்கு: நாலு பேர் வீட்டுக்கு நாலு வாளி, ஆளுக்கு ஒன்று. கடையில் வரும் 100 லிட்டர் பிளாட் பிளேட் ஹீட்டருக்கு வழக்கமாக இரண்டு சதுர மீட்டர் கலெக்டர் இருக்கும், தொட்டிக்குச் சூட்டை வெளியே விடாத நல்ல பஃப் நுரை உறையும் உண்டு, காலையிலும் சூடு நிற்கும். இரண்டு மாதத்தில் 100 யூனிட்டுக்குள் மின்சாரம் ஓடும் வீடு என்றால் அது இலவசமே, எதை மாட்டினாலும் பில்லில் மிச்சமாகாது. கேஸோ விறகோ வைத்துக் காய்ச்சுகிற வீட்டுக்கு உங்கள் ஹீட்டர் தாராளமாகப் போதும். மாட்டுவதானால் போர் தண்ணீர் விடாதீர்கள். பாத்திரத்தில் வெள்ளையாக உப்புப் படியும் தண்ணீர் ஜி.ஐ. பைப்பையும் அடைத்துவிடும். கடையில் வாங்கினாலும் இதே தொல்லைதான், அப்போது குழாய்களைக் கழற்றிச் சுத்தம் செய்யக்கூடிய கண்ணாடிக் குழாய் வகையைக் கேளுங்கள்.