உச்சித் துண்டும் நடுத்துண்டும்

அன்புள்ள ஐயா,

ஒரு கோளத்தை இரண்டு இணைத் தளங்களால் வெட்டினால் நடுவில் கிடைக்கும் பட்டையின் வளைபரப்பு 2πRh என்று படித்தேன். எங்கே வெட்டினாலும் உயரம் h ஒன்றாக இருந்தால் பரப்பும் ஒன்றுதானாம். ஆனால் நடுவில் வெட்டிய பட்டையின் சுற்றளவு பெரியது, உச்சிக்குப் பக்கத்தில் வெட்டியது சிறியது. தொகையிட்டுப் பார்த்தால் விடை வந்துவிடுகிறது, மனம்தான் ஒப்பவில்லை. ஏன் இப்படி?

அன்புள்ள நண்பருக்கு,

சுற்றளவைச் சரியாகவே பார்த்திருக்கிறீர்கள். பட்டையின் அகலத்தையும் கூடவே பாருங்கள், மனம் ஒப்பிவிடும்.

10 செ.மீ. ஆரமுள்ள ஒரு பந்தை எடுத்துக்கொள்வோம். நட்டநடுவில் 0.1 செ.மீ. உயரத்துக்கு ஒரு மெல்லிய பட்டை. அங்கே பரப்பு ஏறக்குறைய செங்குத்தாக நிற்பதால் அகலமும் அதே 0.1தான். சுற்றளவு 62.8, ஆகவே பரப்பு 6.28 சதுர செ.மீ. இப்போது மையத்திலிருந்து 8 செ.மீ. மேலே போங்கள். அங்கே வெட்டுவட்டத்தின் ஆரம் 6 செ.மீ. (6, 8, 10 செங்கோண முக்கோணம்தான்), சுற்றளவு 37.7. அப்படியானால் பட்டை சிறுத்துவிட்டதே என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் அந்த இடத்தில் பந்து உள்பக்கமாக நன்றாகச் சாய்ந்துவிட்டது. 0.1 செ.மீ. மேலே ஏற வேண்டுமென்றால் ஓர் எறும்பு பரப்பின் மேல் சுமார் 0.1667 செ.மீ. நடந்தாக வேண்டும். 37.7-ஐ 0.1667-ஆல் பெருக்கிப் பாருங்கள், மறுபடியும் 6.28-தான் வரும்.

எறும்பின் நடை ஏன் மிகச் சரியாக அவ்வளவு நீள வேண்டும்? இந்தக் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். எறும்பு நிற்கும் புள்ளியிலிருந்து பந்தின் மையத்துக்கு ஒரு கோடு, அதே புள்ளியிலிருந்து அச்சுக்குக் கிடையாக ஒரு கோடு போடுங்கள். கர்ணம் R, கிடைப்பக்கம் r என்று ஒரு பெரிய செங்கோண முக்கோணம் கிடைக்கும். எறும்பின் சின்ன அடியும் ஒரு செங்கோண முக்கோணம்தான்: கர்ணம் அது நடந்த தூரம், செங்குத்துப் பக்கம் அது ஏறிய உயரம். தொடுகோடு ஆரத்துக்குச் செங்குத்து என்பதால், பெரிய முக்கோணத்தை 90 பாகை திருப்பினால் இரண்டும் வடிவொத்தவையாக வந்து பொருந்தும். ஆக, ஏறிய உயரத்தை R/r-ஆல் பெருக்கினால் நடந்த தூரம். சுற்றளவு 2πr. இரண்டையும் பெருக்கும்போது மேலே இருக்கும் r-உம் கீழே இருக்கும் r-உம் அடிபட்டுப் போகின்றன. மிஞ்சுவது 2πR × உயரம். பட்டை எங்கே இருக்கிறது என்று சொல்ல அதில் எதுவுமே இல்லை, பாருங்கள்! பந்தைச் சுற்றி இறுக்கமாக ஓர் உருளையை மாட்டினால் அதில் அதே உயரத்துக்கு வரும் பட்டையின் பரப்பும் இதுவேதான். ஆர்க்கிமிடீஸ் கண்ட உறவு இது.

மெல்லிய பட்டைக்குத்தானே இது, தடித்த துண்டுக்கும் சரிவருமா என்றால், உச்சியில் 2 செ.மீ. உயரத் தொப்பியை வெட்டிப் பார்க்கலாம். வாய்பாட்டின்படி 40π, அதாவது சுமார் 125.7. தொப்பியின் தட்டையான அடிவட்டம் 36π, சுமார் 113. அதைவிடக் கொஞ்சம் மேடான மூடிக்குக் கொஞ்சம் கூடுதல் பரப்பு இருக்க வேண்டியதுதானே. நடுவில் 2 செ.மீ. பட்டை எடுத்தாலும் 20π × 2, அதே 40π.

வழக்கமாகத் தவறு நேர்வது ஒரே இடத்தில்தான். கனஅளவு கணக்கில் மெல்லிய வில்லைகளை உருளையாக எண்ணிக்கொள்கிறோம், விடை சரியாக வருகிறது. அந்தப் பழக்கத்தில் பரப்புக்கும் சுற்றளவை உயரத்தால் பெருக்கிக் கூட்டிவிடுகிறோம். அப்படிச் செய்தால் முழுக் கோளத்துக்கு 4πR² வராமல் π²R² வரும். உங்கள் விடையில் π² தலைகாட்டினால் சாய்வை விட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். கனஅளவில், வில்லை மெலிய மெலிய அந்த விடுபடல் வில்லையைவிட வேகமாகக் குறைந்து மறைந்துவிடும். பரப்பில் அப்படி இல்லை, எவ்வளவு மெல்லியதாக வெட்டினாலும் R/r என்ற விகிதம் அப்படியே நிற்கும்.

அப்புறம், இது வளைபரப்புக்கு மட்டும்தான். வெட்டிய தட்டை முகங்கள் இதில் சேராது, இரண்டு தளங்களும் பந்தை வெட்டியோ தொட்டோ இருக்கவும் வேண்டும். கோளத்தை விட்டு ஒரு தளத்தில் வரைந்த வட்டத்துக்கு வந்தால் இந்தச் சமன்பாடு உடைந்துவிடும். அதே 10 செ.மீ. ஆர வட்டத்தில் நடுவில் 2 செ.மீ. உயரத்துக்கு ஒரு பக்க வில் சுமார் 2 செ.மீ., உச்சியில் அதே உயரத்துக்கு ஒரு பக்க வில் சுமார் 6.4 செ.மீ. அங்கே சாய்வு வில்லின் நீளத்தைக் கூட்டுகிறது, ஆனால் அதை ஈடுகட்டச் சுருங்குகிற சுற்றளவு இல்லை.