லோ ஜிஐ அரிசிக்கு மாறியும் சர்க்கரை ஏன் இறங்கவில்லை?

கேள்வி: அப்பாவுக்குச் சர்க்கரை நோய். "லோ ஜிஐ, 54" என்று பாக்கெட்டில் போட்ட அரிசிக்கு மாறி ஒரு மாதம் ஆகிறது. சாப்பாட்டுக்குப் பிறகு பார்த்தால் சர்க்கரை முன்பு மாதிரியேதான் இருக்கிறது. பாக்கெட்டில் போட்டிருப்பது பொய்யா?

பொய்யாக இருக்க வேண்டிய அவசியமில்லை. அந்த 54 சரியாகவே இருந்தாலும் உங்கள் அப்பாவுக்கு இப்படி நடக்கலாம். உணவு ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் நான் அடிக்கடி கேட்கும் புகார் இது.

ஜிஐ என்பது கிளைசெமிக் இண்டெக்ஸ், ஓர் உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்று காட்டும் எண். அந்த எண் எப்படி வருகிறது என்று பாருங்கள். பொதுவாகப் பத்துப் பேர் அளவில், ஆரோக்கியமானவர்களை வெறும் வயிற்றில் உட்கார வைத்து, 50 கிராம் மாவுச்சத்து கிடைக்கும் அளவுக்கு அந்த உணவைத் தனியாகக் கொடுக்கிறார்கள். அடுத்த இரண்டு மணி நேரம் ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று அளக்கிறார்கள். அதே ஆட்களுக்கு வேறொரு நாள் 50 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, அதை 100 என்று வைத்துக்கொண்டு ஒப்பிடுகிறார்கள். 55 அல்லது அதற்குக் கீழே வந்தால் 'லோ'.

ஆக, அந்த எண் சொல்வது ஒரே அளவு மாவுச்சத்து எப்படி ஏற்றுகிறது என்பதை மட்டும்தான். தட்டில் எவ்வளவு விழுகிறது என்பது அதற்குத் தெரியாது. 50 கிராம் மாவுச்சத்து என்றால் கிட்டத்தட்ட 64 கிராம் பச்சரிசியோ புழுங்கலரிசியோ, அதாவது வேகவைக்காமல் எடை போட்டது. வீட்டில் சமைப்பதற்கு முன் ஒருமுறை தராசில் வைத்துப் பாருங்கள், பலருக்கு "இவ்வளவுதானா?" என்று இருக்கும்.

உங்கள் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று ஒரு கணக்குப் போடலாம். பழைய அரிசியின் ஜிஐ 72 என்று வைத்துக்கொள்வோம். அப்போது பயந்து பயந்து ஒரு வேளைக்கு 60 கிராம் அரிசிதான் போட்டீர்கள். அதில் மாவுச்சத்து சுமார் 47 கிராம். 47-ஐ 72-ஆல் பெருக்கி நூறால் வகுத்தால் 34. இதைக் கிளைசெமிக் லோடு என்பார்கள். அளவையும் சேர்த்துப் பார்க்கிற கணக்கு இதுதான். புது அரிசி வந்ததும் "இதுதான் நல்ல அரிசியாச்சே" என்று 90 கிராம் ஆகிறது. மாவுச்சத்து 70 கிராம், ஜிஐ 54, லோடு 38. அரிசி மாறியது, சுமை கொஞ்சம் கூடியே போனது. அந்தப் பாக்கெட்டை வாங்கியதால் வந்த தைரியம்தான் இதற்குக் காரணம். யாரையும் குறை சொல்லவும் முடியாது.

அப்புறம் சமைக்கும் விதம். அரிசியில் அமைலோஸ் என்ற மாவுச்சத்து அதிகமாக இருந்தால் அது மெதுவாகச் செரிக்கும். லோ ஜிஐ ரகங்கள் பெரும்பாலும் இப்படிப்பட்டவைதான். ஆனால் சோதனைக்கூடத்தில் ஒரு குறிப்பிட்ட தண்ணீர் அளவில், குறிப்பிட்ட நேரம் வேகவைத்து வந்த எண் அது. அப்பாவுக்கு மெல்லக் கஷ்டமாக இருக்கிறது என்று கூடுதல் தண்ணீர் விட்டுக் குழைய வைத்தால் செரிமானம் வேகமாகும், எண்ணும் மேலே போகும். எவ்வளவு மேலே என்பதைப் பாக்கெட் சொல்லாது.

லோ ஜிஐ என்று போட்ட ரொட்டியிலும் அளவுதான் பிரச்சினை, இரண்டு துண்டோடு நிறுத்துகிறோமா நான்கா என்பது. கார்ன் ஃபிளேக்ஸ் மாதிரி காலை உணவுச் சீரியலில் வேறு ஒரு வேடிக்கை இருக்கிறது. சாதாரணச் சீனியின் ஜிஐயே 65 அளவில்தான், ஏனென்றால் அதில் பாதி ஃபிரக்டோஸ், அது ரத்தக் குளுக்கோஸை அவ்வளவாக ஏற்றாது. அதனால் ஜிஐ 80 உள்ள வெறும் கார்ன் ஃபிளேக்ஸில் சீனியைச் சேர்த்தால் எண் குறையக்கூட வாய்ப்புண்டு! சீரியல் வாங்கும்போது நான் முன்பக்கத்தைப் பார்ப்பதே இல்லை. பின்பக்க அட்டவணையில் மொத்த மாவுச்சத்து, சேர்த்த சர்க்கரை, நார்ச்சத்து மூன்றையும் பார்த்தால் போதும்.

இன்னொன்று, 54 என்பது சராசரி. அதே பத்துப் பேரில் ஒருவருக்கு 40-ம் இன்னொருவருக்கு 70-ம் வந்திருக்கலாம். அவர்கள் யாருக்கும் சர்க்கரை நோய் இல்லை என்பதையும் மறக்க வேண்டாம். அதனால் 54-க்கும் 58-க்கும் நடுவே பெரிய வித்தியாசம் தேடுவது வீண்.

சரி, வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரே எடை, ஒரே சமையல், ஒரே தொடுகறி, ஒரே நேரம் என்று வைத்துக்கொண்டு, பழைய அரிசியோடு சில நாள், புது அரிசியோடு சில நாள் பாருங்கள். சாப்பிடுவதற்கு முன்பும், முதல் கவளத்திலிருந்து ஒரு மணி, இரண்டு மணி நேரத்திலும் குளுக்கோமீட்டரில் எடுங்கள். அந்தக் கருவியிலேயே 15 சதவீதம் வரை முன்பின் இருக்கும், எனவே ஒரே ஒரு நாள் அளவை நம்ப வேண்டாம். ஒரே எடையில் இரண்டு அரிசிக்கும் ஏற்றம் ஏறக்குறைய ஒன்றுதான் என்றால், கூடுதல் காசு கொடுக்காமல் பழைய அரிசியையே அளந்து போடுங்கள். அப்பா இன்சுலின் போடுபவராக இருந்தால், பாக்கெட்டை நம்பி டோஸைக் குறைக்காதீர்கள். எடுத்த எண்களை மருத்துவரிடம் காட்டிவிட்டு மாற்றுங்கள்.