கீஸ்டோனைத் தொடுவதற்கு முன்: வகுப்பறைப் புரொஜெக்டரின் படத்தை நேராக்கும் முறை

கேள்வி: எங்கள் வகுப்பறையில் மேசை மேல் புரொஜெக்டரை வைத்து, எச்டிஎம்ஐ கேபிள் வழியாக மடிக்கணினியை இணைக்கிறேன். திரை 2 மீட்டர் அகலம், 1.25 மீட்டர் உயரம். அதன் கீழ் விளிம்பு தரையிலிருந்து 1.2 மீட்டரில் இருக்கிறது. லென்ஸ் 85 செ.மீ. உயரத்தில், திரையிலிருந்து 3 மீட்டர் தள்ளி இருக்கிறது. படம் திரைக்குக் கீழே விழுவதால் முன்காலை உயர்த்துகிறேன். உடனே படத்தின் மேல்பக்கம் விரிந்துவிடுகிறது. கீஸ்டோன் போட்டால் நேராகிறது, ஆனால் சிறிய எழுத்துகள் மங்கிவிடுகின்றன. லென்ஸ் ஷிஃப்ட் உள்ள புரொஜெக்டர் வாங்கினால்தான் இது தீருமா?

பதில்: புதிய கருவி தேவைப்படாது என்றே நினைக்கிறேன். உங்கள் அளவுகளை வைத்துப் பார்த்தால், புரொஜெக்டரை 35 செ.மீ. உயர்த்தி மட்டமாக வைத்தாலே போதும். ஏன் என்பதைப் புரிந்துகொண்டால் வேறு எந்த வகுப்பறையிலும் நீங்களே இதைச் சரிசெய்ய முடியும் என்பதால், சற்று விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் இணைப்பு. எழுத்து மங்குவதற்குக் கீஸ்டோன் மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. வகுப்பறைப் புரொஜெக்டர்கள் பலவற்றின் உண்மையான பிக்சல் அளவு 1280 × 800. ஆனால் அவை 1920 × 1080 சிக்னலையும் ஏற்றுக்கொண்டு, உள்ளே சுருக்கிக் காட்டும். மடிக்கணினி தானாகவே பெரிய அளவைத் தேர்ந்தெடுத்துவிட்டால், கீஸ்டோன் போடுவதற்கு முன்பே எழுத்து ஒரு முறை மங்கிவிடுகிறது. புரொஜெக்டரின் கையேட்டில் அதன் சொந்த ரெசல்யூஷன் என்னவென்று பாருங்கள். பிறகு விண்டோஸில் `Windows + P` அழுத்தி `Extend` தேர்ந்தெடுத்து, `Display settings` பகுதியில் புரொஜெக்டருக்குரிய திரையைச் சொடுக்கி, `Display resolution` என்பதில் அதே அளவை வையுங்கள். `Duplicate` முறையில் இரண்டு திரைகளும் ஒரே அளவைப் பகிர்ந்துகொள்ள நேர்வதால், ஏதேனும் ஒன்று சமரசம் செய்துகொள்ளும். அந்த ஒன்று புரொஜெக்டராகவும் இருக்கலாம்.

அடுத்து, கீஸ்டோன் மதிப்பைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். தானியங்கிக் கீஸ்டோன் இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். எளிய கருவிகளில் இந்தத் தானியங்கி அமைப்பு, புரொஜெக்டர் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதை மட்டுமே உணரும். திரை எங்கே இருக்கிறது, செங்குத்தாகத் தொங்குகிறதா, பக்கவாட்டில் திரும்பியிருக்கிறதா என்பது எதுவும் அதற்குத் தெரியாது. சுவரும் திரையும் நேராக இருப்பதாக அனுமானித்துக்கொண்டு, முன்காலை நீங்கள் தொடும்போதெல்லாம் படத்தை மாற்றிக்கொண்டிருக்கும். அது இயங்கிக்கொண்டிருக்கும்வரை உண்மையான நிலை என்னவென்று உங்களால் பார்க்கவே முடியாது.

இப்போது முன்காலை முழுவதும் உள்ளே தள்ளி, ரசமட்டம் வைத்துப் புரொஜெக்டரை மட்டமாக்கிவிட்டு, படத்தின் கீழ் விளிம்பு எங்கே விழுகிறது என்று பாருங்கள். மேசை மேல் வைக்கும் சிறிய புரொஜெக்டர்கள் பலவற்றில், மட்டமாக வைக்கும்போது படம் லென்ஸுக்கு நேர் எதிரே நடுவில் விழாமல், ஏறத்தாழ லென்ஸின் உயரத்திலிருந்து மேல்நோக்கி விழும்படி அமைத்திருப்பார்கள். உங்களுடையதும் அப்படியென்றால், கீழ் விளிம்பு 85 செ.மீ. உயரத்தில் விழும், திரையோ 120 செ.மீ. உயரத்தில் தொடங்குகிறது. இந்த 35 செ.மீ. இடைவெளிதான் உங்கள் சிக்கல் முழுவதும்.

இதை முன்காலால் ஈடுகட்ட, 3 மீட்டர் தொலைவில் ஏறக்குறைய 6.7 பாகை சாய்க்க வேண்டியிருக்கிறது. சாய்த்ததும் படத்தின் மேல்பகுதிக்குச் செல்லும் ஒளி, கீழ்ப்பகுதிக்குச் செல்வதைவிட அதிக தூரம் பயணம் செய்கிறது. அதிக தூரம் சென்ற ஒளி அதிகம் விரிகிறது. கணக்குப் போட்டால், கீழ் விளிம்பு 2.01 மீட்டராகவும் மேல் விளிம்பு 2.12 மீட்டராகவும் வரும். உயரமும் மாறாமல் இருப்பதில்லை: படம் திரையின் மேல் விளிம்பை ஏறத்தாழ 8 செ.மீ. தாண்டிச் சுவரில் விழும். நீங்கள் கண்ட சரிவகம் இதுதான்.

கீஸ்டோன் இந்தச் சரிவகத்தை ஒளியியல் முறையில் திருத்துவதில்லை. லென்ஸும் ஒளியின் பாதையும் அப்படியே இருக்கின்றன. உள்ளே இருக்கும் பேனலில் வரையப்படும் படத்தை எதிர்த்திசையில் சரிவகமாக்கி, மேல்பக்கத்தைக் குறுக்கிவிடுகிறது. கீழ்வரிசையில் 1280 பிக்சல்கள் முழுவதும் பயன்படும்போது, மேல்வரிசையில் ஏறத்தாழ 1,218 பிக்சல்களே பயன்படும். அறுபதுக்குச் சற்று அதிகமான பிக்சல்களை இழப்பது பெரிய நட்டமாகத் தோன்றாது. ஒளி குறைவதும் கண்ணுக்குத் தெரியாத அளவுதான். சேதம் வேறிடத்தில் நிகழ்கிறது: மடிக்கணினி அனுப்பிய 1280 புள்ளிகளை 1,218 இடங்களுக்குள் அடக்க வேண்டியிருப்பதால், ஒரு பிக்சல் அகலமுள்ள கோடு பல இடங்களில் இரண்டு பிக்சல்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு, இரண்டிலும் பாதி பாதியாகப் படர்கிறது. எக்செல் தாள் ஒன்றைத் திறந்து திரைக்கு அருகே சென்று பாருங்கள். செங்குத்துக் கோடுகளில் சில மெல்லியதாகவும் சில தடித்துச் சாம்பல் பூசியதுபோலவும் தெரியும். ‘ட’, ‘ப’ போன்ற எழுத்துகளின் நேர்கோடுகளிலும் இதே சீரின்மை வரும். மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்வதால், பின்வரிசை மாணவருக்கு ‘க்’ என்பது ‘க’ என்றே தெரியக்கூடும். ஒளிப்படமும் காணொளியும் இந்த மங்கலைத் தாங்கிக்கொள்ளும். பாட எழுத்து தாங்காது. கீஸ்டோனைக் கடைசி வழியாக வைக்கச் சொல்வது இதனால்தான்.

எனவே மேசை மேல் 35 செ.மீ. உயரமுள்ள, ஆடாத ஒரு ஸ்டாண்டை வைத்து அதன் மேல் புரொஜெக்டரை மட்டமாக வையுங்கள். காற்றுத் துளைகள் மறையக் கூடாது. கேபிளை யாரும் இடறாதபடி கட்டிவிடுங்கள். லென்ஸ் 120 செ.மீ. உயரத்துக்கு வந்ததும் படத்தின் கீழ் விளிம்பு தானாகவே திரையின் கீழ் விளிம்பில் வந்து அமரும். சாய்வு இல்லாததால் சரிவகமும் இல்லை. மீதமுள்ள சிறிய அளவு வேறுபாட்டை ஜூம் வளையத்தாலோ புரொஜெக்டரைச் சற்று முன்பின் நகர்த்தியோ சரிசெய்துவிட்டு, கடைசியில் ஃபோகஸ் வையுங்கள்.

பக்கவாட்டு நிலையையும் இதே கவனத்துடன் பார்க்க வேண்டும். லென்ஸிலிருந்து திரையின் கீழ் இடது மூலைக்கும் கீழ் வலது மூலைக்கும் உள்ள தூரத்தை அளவுநாடாவால் அளந்து பாருங்கள். இரண்டும் சமமானால் லென்ஸ் நடுக்கோட்டில் இருக்கிறது. அதன் பிறகும் படத்தின் இடது விளிம்பின் நீளமும் வலது விளிம்பின் நீளமும் வேறுபட்டால், புரொஜெக்டரின் உடல் ஒரு பக்கம் திரும்பியிருக்கிறது என்று பொருள். அதை மெல்லத் திருப்பினால் போதும். படம் மொத்தமாக ஒரு பக்கம் சரிந்து தெரிந்தால் அது கீஸ்டோன் வேலையே அல்ல. பின்கால் திருகுகளில் ஒன்றைச் சுழற்றினால் நேராகிவிடும்.

அளக்கும்போது பலரும் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து, சமமாக இருப்பதைக் கண்டு திருப்தி அடைகிறார்கள். அது போதாது. இருசமபக்கச் சரிவகத்திலும் மூலைவிட்டங்கள் சமமாகவே இருக்கும். உங்கள் படம் விரிந்திருந்தபோதுகூட அவை சமமாகவே இருந்திருக்கும். மேல் அகலம், கீழ் அகலம், இடது உயரம், வலது உயரம் ஆகிய நான்கையும் அளந்த பிறகே மூலைவிட்டத்துக்கு வர வேண்டும். மடிக்கணினியில் ஒரு பெரிய வட்டத்தை வரைந்து, அதன் அகலத்தையும் உயரத்தையும் திரையில் அளப்பதும் நல்ல சோதனை. கீஸ்டோன் போட்ட படம் செவ்வகமாகத் தெரிந்தாலும் சற்று நீண்டோ குறுகியோ போயிருக்கலாம். வடிவியல் பாடத்தில் வட்டம் நீள்வட்டமாகக் காட்சியளிப்பதை ஏற்க முடியாது.

லென்ஸ் ஷிஃப்ட் எங்கே தேவைப்படும் என்றால், புரொஜெக்டரை வேண்டிய உயரத்திலோ நடுக்கோட்டிலோ வைக்கவே முடியாத இடத்தில்தான். நடுக்கோட்டில் மின்விசிறி இருக்கலாம், உத்தரம் இருக்கலாம், மாணவர்களின் தலைகள் மறைக்கலாம். லென்ஸ் ஷிஃப்ட் உள்ள கருவியில் லென்ஸ் மட்டும் பேனலுக்கு இணையாக மேலும் கீழும், சிலவற்றில் பக்கவாட்டிலும் நகர்கிறது. எதுவும் சாய்வதில்லை என்பதால் படம் செவ்வகமாகவே இடம் மாறுகிறது. பிக்சல் ஒன்றுகூட வீணாவதில்லை. இதன் அளவைப் பெரும்பாலும் படத்தின் உயரத்தில் இத்தனை சதவீதம் என்று குறிப்பிடுவார்கள். உங்கள் 35 செ.மீ. என்பது 125 செ.மீ. உயரத்தில் 28 சதவீதம். அந்த அளவு மேல்நோக்கி நகர்த்தக்கூடிய கருவி இருந்தால் ஸ்டாண்டு இல்லாமலே மேசையில் வைத்துவிடலாம்.

ஆனால் லென்ஸ் ஷிஃப்ட் வைத்திருப்பவர்களிடம் நான் அடிக்கடி காணும் தவறு ஒன்று உண்டு. புரொஜெக்டரை ஓரத்தில் வைத்துவிட்டு, பழக்கத்தால் அதைத் திரையை நோக்கித் திருப்பிவிடுகிறார்கள். பிறகு ஷிஃப்ட் திருகைச் சுழற்றிப் பார்த்துவிட்டுப் படம் கோணலாகவே இருக்கிறதே என்கிறார்கள். உடலைத் திருப்பிய கணத்திலேயே சரிவகம் உருவாகிவிட்டது. ஷிஃப்ட் அதை நகர்த்துமே தவிர திருத்தாது. புரொஜெக்டர் சுவருக்குச் செங்குத்தாக நேரே பார்க்க வேண்டும், படம் திரையை விட்டு விலகி வெற்றுச் சுவரில் விழுந்தாலும் அப்படியே விட வேண்டும், அதன் பிறகு ஷிஃப்ட்டால் படத்தைத் திரைக்குக் கொண்டுவர வேண்டும். செங்குத்து, பக்கவாட்டு இரண்டிலும் உச்ச அளவை ஒரே நேரத்தில் பெற முடியாது என்பதையும், எல்லையை நெருங்கும்போது மூலைகள் இருண்டோ ஃபோகஸ் தளர்ந்தோ போகலாம் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும் எண்ணம் பின்னாளில் வந்தால் ஒரு சோதனை செய்யுங்கள். சில கருவிகளில் ‘ஷிஃப்ட்’ என்ற பெயரில் இருப்பது, படத்தைச் சுருக்கிப் பேனலுக்குள்ளேயே நகர்த்தும் டிஜிட்டல் வசதி. அறையை இருட்டாக்கி, முழுக் கருப்புப் படத்தைக் காட்டுங்கள். பெரும்பாலான புரொஜெக்டர்கள் முழு இருளைத் தருவதில்லை என்பதால், பேனலின் எல்லை மங்கிய சாம்பல் செவ்வகமாகச் சுவரில் தெரியும். ஷிஃப்ட்டை இயக்கும்போது அந்தச் சாம்பல் செவ்வகமே நகர்ந்தால் அது உண்மையான லென்ஸ் ஷிஃப்ட். செவ்வகம் அசையாமல் உள்ளிருக்கும் படம் மட்டும் நகர்ந்தால் அது கீஸ்டோனின் உறவு.

ஸ்டாண்டு வைத்த பிறகும் ஓரிரு செ.மீ. வேறுபாடு எஞ்சினால், அந்த அளவுக்குக் கீஸ்டோனைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஒன்றிரண்டு படிகளில் எழுத்தின் கூர்மை அதிகம் குறையாது. ஒவ்வொரு படிக்கும் மேல் அகலத்தையும் கீழ் அகலத்தையும் அளந்து, இரண்டும் சமமான இடத்தில் நிறுத்திவிட்டு, ஸ்டாண்டின் கால்கள் இருக்கும் இடத்தை மேசையில் டேப் ஒட்டிக் குறித்துவையுங்கள். மறுநாள் யார் எடுத்து வைத்தாலும் அதே இடத்தில் அமரும்.